பழைய கம்பெனியில் தங்கிவிட்ட நம் விவரங்கள்: எதை அழிக்கச் சொல்வது, எதை விட்டுவைப்பது

"ஜனவரியில் ஒரு ஐ.டி. கம்பெனியிலிருந்து விலகினேன். ஐந்தரை வருஷ சர்வீஸ். ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், மெடிக்கல் ரிப்போர்ட், அப்பா அம்மாவின் இன்ஷூரன்ஸ் விவரம் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. சட்டப்படி வைத்தே ஆக வேண்டியதைத் தவிர மீதியை அழிக்கச் சொல்லி ஹெச்.ஆருக்கு லெட்டர் கொடுத்தால் செல்லுமா? எப்படி எழுதுவது?"

தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் இன்றைக்கே அனுப்பிவிடாதீர்கள். பதினான்கு வருஷம் சென்னையில் பேரோல், ஹெச்.ஆர். ஆபரேஷன்ஸ் வேலை பார்த்தவன் நான். இப்படி வரும் மெயில்களைப் பெற்றுக்கொள்ளும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். "என் தகவல் அனைத்தையும் நீக்கவும்" என்று ஒரே வரியில் வரும் மெயிலுக்கு "தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது" என்று ஒரே வரியில்தான் பதில் போகும். எந்தக் கோப்பு, யாரிடம் இருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்கும் மெயில் வந்தால் யாராவது எழுந்து போய்ப் பார்த்தே ஆக வேண்டும். அந்த இரண்டாவது வகை மெயிலை எப்படி எழுதுவது என்றுதான் சொல்லப்போகிறேன்.

முதலில் உங்கள் கைக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டதா என்று பாருங்கள். ஜனவரியில் விலகியவருக்கு அந்த நிதியாண்டின் படிவம் 16 ஜூன் மாதத்தில்தான் வரும். கொடுக்க கம்பெனிக்கு ஜூன் 15 வரை அவகாசம் உண்டு. அது எந்த மெயிலுக்கு வரும்? உங்கள் ஆபீஸ் மெயில் கடைசி நாள் மாலையே மூடப்பட்டிருக்கும். ஹெச்.ஆர். சிஸ்டத்தில் இருக்கும் உங்கள் சொந்த மெயில் முகவரிக்குத்தான் வர வேண்டும். அதை மார்ச்சிலேயே அழிக்கச் சொல்லிவிட்டால் ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது நீங்களே அவர்களைத் துரத்திக்கொண்டு ஓடுவீர்கள். அதேபோல ஐந்து வருஷம் தாண்டியதால் உங்களுக்கு கிராஜுவிட்டி உண்டு. அது வந்து சேரும்வரை வங்கிக் கணக்கு எண்ணும் நாமினேஷன் படிவமும் அவர்களிடம் இருக்கட்டும். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, அறுபத்தைந்து மாதத்துக்கும் மேலான பேஸ்லிப் எல்லாவற்றையும் உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிஎஃப் தளத்தில் நீங்கள் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி ஏற்றாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே ஏற்றிவிடலாம்.

பிஎஃப் விஷயத்தில் நான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒருவர் "எல்லாவற்றையும் அழியுங்கள்" என்று எழுதினார். எங்கள் பையன் ஒருவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு முழு ஃபைலையும் தூக்கிவிட்டான். இரண்டு வருஷம் கழித்து அதே மனிதர் போன் செய்தார். பிஎஃப் கணக்கில் சேர்ந்த தேதி ஒரு வருஷம் தள்ளிப் பதிவாகியிருக்கிறது, திருத்த வேண்டும் என்றார். அதற்கு ஊழியரும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியும், கம்பெனியின் பதிவேட்டிலிருந்து ஆதாரமும் வேண்டும். எங்களிடம் எதுவும் இல்லை. கடைசியில் அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஆஃபர் லெட்டரும் முதல் மாத பேஸ்லிப்பும்தான் கைகொடுத்தன. பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் திட்டத்தில் மாதப் பென்ஷன் பெறக் குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். உங்களுடைய ஐந்தரை வருஷம் அடுத்த கம்பெனியின் சர்வீஸோடு சேர்ந்துதான் அந்தப் பத்தாகும். ஆகவே சேர்ந்த தேதி, விலகிய தேதி, யுஏஎன், சம்பளம், பிஎஃப் சந்தா ஆகிய பதிவுகளில் கைவைக்கச் சொல்லாதீர்கள்.

சட்டத்துக்காக அவர்கள் வைத்தே ஆக வேண்டியதும் ஏறக்குறைய இதே வட்டம்தான். கம்பெனிகள் சட்டம் 2013, 128(5) பிரிவின்படி கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். உங்கள் சம்பளமும் டிடிஎஸ்ஸும் அந்தக் கணக்கில் ஒரு வரி. வரிச்சலுகைக்காக நீங்கள் கொடுத்த வாடகை ரசீது, வீட்டுக்காரரின் பான் எண், எல்.ஐ.சி. ரசீது எல்லாம் அந்த டிடிஎஸ்ஸுக்கு ஆதாரம். அவற்றை அழிக்க மறுத்தால் மறுப்பில் நியாயம் இருக்கிறது. பான் எண்ணுக்கும் அதே கதைதான். அடுத்த கம்பெனியின் பின்னணி சரிபார்ப்புக்காரர்கள் போன் செய்யும்போது சொல்ல பெயர், பதவி, சேர்ந்த விலகிய தேதிகளும் இருக்க வேண்டும். இதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை என்றாலும், உங்கள் நலனுக்காக நீங்களே விட்டுவைக்க வேண்டியது.

மீதி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஹெச்.ஆர். சிஸ்டத்தில் இல்லை, ஷேர்டு டிரைவில், "ஜாயினிங் டாக்ஸ்" என்ற பெயரில், உங்கள் பெயரோ எம்ப்ளாயி எண்ணோ போட்ட ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் நீங்கள் கொடுத்ததெல்லாம் அதற்குள் தூங்கிக்கொண்டிருக்கும்: பத்தாம் வகுப்பிலிருந்து மார்க் ஷீட், முந்தைய கம்பெனியின் மூன்று மாத பேஸ்லிப், அந்தச் சம்பளம் வந்ததைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட் (அந்த மூன்று மாதத்தில் யாருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்ற விவரம் முழுக்க அதில் உண்டு), கேன்சல் செய்த காசோலை, பாஸ்போர்ட் நகல், பழைய வீட்டு முகவரி, மெடிக்கல் செக்கப் ரிப்போர்ட். வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வாங்கிய காகிதங்கள் இவை. அந்தத் தீர்மானம் ஐந்தரை வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

அதற்கு வெளியேயும் நான்கு இடங்களில் பாருங்கள். சேரும்போது உங்களைச் சரிபார்த்த வெண்டாரிடம் ஒரு முழு ரிப்போர்ட் இருக்கும். குரூப் இன்ஷூரன்ஸுக்காகப் பெற்றோரின் பெயரும் பிறந்த தேதியும் போட்ட எக்செல் ஒன்று ஹெச்.ஆரிலிருந்து புரோக்கருக்கு மெயிலில் போயிருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் பாலிசிப் பதிவைத் தன் விதிப்படி வைத்துக்கொள்ளும், அதில் உங்கள் ஹெச்.ஆருக்குச் செல்வாக்கு இல்லை. ஆனால் ஹெச்.ஆர். மெயில்பெட்டியில் தங்கிவிட்ட எக்செல் அவர்கள் பொறுப்பு. மூன்றாவது, வாசலில் இருக்கும் கைரேகை மெஷின். பல அலுவலகங்களில் வருகைப்பதிவு மென்பொருளில் ஆளை நீக்கினாலும் சுவரில் மாட்டிய மெஷினுக்குள் கைரேகைப் பதிவு அப்படியே இருக்கும். ஒவ்வொரு மெஷினிலும் தனியாக நீக்க வேண்டும். நான்காவது, கம்பெனியின் வெப்சைட்டிலும் ஆள் எடுக்கும் விளம்பரங்களிலும் இருக்கும் உங்கள் போட்டோ.

ஆதாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிஎஃப் கணக்கோடு ஆதார் எண் இணைய வேண்டும் என்பதால், அந்த எண் கம்பெனி வழியாகப் போயிருப்பதில் தவறில்லை. இணைப்பு முடிந்தபின் முழு எண்ணும் போட்டோவும் தெரியும் கலர் ஸ்கேன் ஷேர்டு டிரைவில் கிடக்க எந்த அவசியமும் இல்லை. எனவே எண்ணை அழிக்கச் சொல்லாமல் நகலை அழிக்கச் சொல்லுங்கள். "நகல் வேண்டும்தான்" என்று அவர்கள் சொன்னால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அழிக்கச் சொல்லும் உரிமை அதன் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி விதிகள் அறிவிக்கப்பட்டு பதினெட்டு மாதம் கழித்துத்தான், அதாவது 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வருகிறது. அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவும் அதன் கீழ் 2011-இல் வந்த விதிகளும்தான் நமக்குப் பிடிமானம். அந்த விதிகளில் 5(4), உணர்திறன் மிக்க தகவலைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. 5(7) கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெற வழிவிடுகிறது. 5(9) ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெப்சைட்டில் போட்டு, ஒரு மாதத்துக்குள் புகாரைத் தீர்க்கச் சொல்கிறது. "உணர்திறன் மிக்க" என்ற பட்டியலில் பாஸ்வேர்ட், வங்கி விவரம், உடல்நல விவரம், மருத்துவப் பதிவு, கைரேகை போன்றவை உண்டு. மார்க் ஷீட்டும் பெற்றோரின் பிறந்த தேதியும் அதில் இல்லை. அதனால் இன்றைய தேதியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கும் கைரேகைக்கும் உங்கள் வாதம் வலுவானது. மற்றதை வேண்டுகோளாகத்தான் வைக்க முடியும். அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலான ஹெச்.ஆர். இரண்டையும் சேர்த்தே செய்து கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் 2027-க்குள் இந்தக் குப்பையை எப்படியும் அவர்கள் கூட்டித்தான் ஆக வேண்டும்.

2027-க்குப் பிறகும் இது முழுக்கத் தெளிவான விஷயமாகிவிடாது. 12-ஆம் பிரிவு, சம்மதம் வாங்கிக் கையாண்ட தகவலைப் பற்றித்தான் பேசுகிறது. அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு சம்பந்தமான காரியங்களுக்குச் சம்மதம் இல்லாமலே தகவலைக் கையாள அனுமதிக்கிறது. "நாங்கள் சம்மதத்தின் பேரில் வாங்கவில்லை, வேலைக்காக வாங்கினோம், ஆகவே 12 எங்களுக்குப் பொருந்தாது" என்று ஒரு கம்பெனி வக்கீல் வாதாடலாம். ஆள் விலகிப் போனபின் மார்க் ஷீட்டுக்கு வேலைவாய்ப்புக் காரியம் என்ன மிச்சம் இருக்கிறது என்று நாம் திருப்பிக் கேட்கலாம். இதில் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பது தரவுப் பாதுகாப்பு வாரியம் வழக்குகளைத் தீர்க்க ஆரம்பித்த பிறகே நிலைபெறும். அதனால்தான் கடிதத்தை ஒரே பிரிவின் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

கடிதத்தை நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். சாரத்தை இங்கே தமிழில் தருகிறேன், உங்கள் விவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"வணக்கம். நான் தங்கள் நிறுவனத்தில் எம்ப்ளாயி எண் இன்னதில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை பணியாற்றினேன். என் இறுதிக் கணக்கும் கிராஜுவிட்டியும் தீர்க்கப்பட்டுவிட்டன. படிவம் 16 கிடைத்துவிட்டது. நம்மிடையே நிலுவையில் எந்தக் கோரிக்கையும் இல்லை.

சம்பளம், வருமான வரி, பிஎஃப், கிராஜுவிட்டி தொடர்பாகச் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவுகளையும், என் பெயர், பதவி, பணிக்காலம் ஆகியவற்றையும் தாங்கள் தொடர்ந்து வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவற்றை நீக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

பின்வருவனவற்றைப் பயன்படுத்த நான் அளித்த சம்மதத்தை இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெறுகிறேன், அவற்றை நீக்கக் கோருகிறேன்: சேர்க்கையின்போது கொடுத்த வங்கி அறிக்கை, முந்தைய நிறுவனச் சம்பளச் சீட்டுகள், கல்விச் சான்றிதழ் நகல்கள், பாஸ்போர்ட் நகல், ஆதார் அட்டை நகல், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, எல்லா வருகைப்பதிவுக் கருவிகளிலும் உள்ள கைரேகைப் பதிவு, பின்னணி சரிபார்ப்பு அறிக்கை, அதைத் தயாரித்த நிறுவனத்திடம் உள்ள பிரதி உட்பட, அவசரத் தொடர்புக்காகக் கொடுத்த பெயரும் போன் எண்ணும், தங்கள் வெப்சைட்டில் உள்ள என் புகைப்படம்.

இவற்றில் எதையாவது வைத்திருக்க வேண்டும் என்று கருதினால், எதை, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி, எந்தத் தேதி வரை என்று தனித்தனியாகக் குறிப்பிடவும். பேக்கப்பில் உள்ளவை எப்போது மேலெழுதப்படும் என்பதையும் தெரிவிக்கவும். 2011-ஆம் ஆண்டு விதிகளின் 5(9)-இன்படி ஒரு மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்."

முதல் பத்தியில் "நிலுவையில் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். நோட்டீஸ் பீரியட் பணமோ, போனஸ் பாக்கியோ தகராறில் இருந்தால் அந்த வரி உங்கள் காலையே வாரிவிடும். தகராறு இருக்கும்போது ஒப்பந்த வழக்குக்கான மூன்று வருஷக் கெடு முடியும்வரை அதன் காகிதங்களை வைத்திருக்க அவர்களுக்குக் காரணம் உண்டு. உங்களுக்கும் அது ஆதாரம். இரண்டாவது பத்தியைச் சிலர் சரணாகதி மாதிரி இருக்கிறது என்று வெட்டிவிடுகிறார்கள். உண்மையில் கடிதத்தைத் தூக்கி நிறுத்துவதே அதுதான். படிக்கும் ஹெச்.ஆருக்கு முதலில் வரும் பயம், அழித்துவிட்டு நாளை ஆடிட்டரிடம் மாட்டுவோமோ என்பது. அந்தப் பயத்தை நீங்களே எடுத்துவிட்டால் "சட்டச் சிக்கல்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

பெற்றோரின் விவரம் இந்தக் கடிதத்தில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அது உங்கள் தகவல் அல்ல, அவர்களுடையது. அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட நான்கு வரிக் கடிதம் ஒன்றை ஸ்கேன் செய்து இணையுங்கள்: இன்ன தேதியோடு பாலிசியிலிருந்து நாங்கள் நீங்கிவிட்டோம், கிளெய்ம் எதுவும் நிலுவையில் இல்லை, ஹெச்.ஆர். வசமுள்ள எங்கள் விவரத்தை நீக்கவும்.

ஹெச்.ஆர். பொது மெயிலுக்கும் வெப்சைட்டில் பெயர் போட்டிருக்கும் குறைதீர் அலுவலருக்கும் சேர்த்து, அவர்கள் பதிவில் உள்ள உங்கள் சொந்த மெயிலிலிருந்தே அனுப்புங்கள். அடையாளத்துக்கு எம்ப்ளாயி எண் போதும். "சரிபார்க்க ஆதார் அனுப்புங்கள்" என்று பதில் வந்தால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடலாம்; அழிக்கச் சொல்லும் காகிதத்தையே இன்னொரு பிரதி எடுத்துக் கொடுப்பானேன்? பதிவில் உள்ள போன் எண்ணுக்குக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பதில் வந்தபின் அதை எப்படி வாசிப்பது என்பதும் முக்கியம். இரண்டே நாளில் "அனைத்தும் நீக்கப்பட்டது" என்று வந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் சிஸ்டத்தில் உங்கள் பெயருக்கு எதிரே "இன்ஆக்டிவ்" என்று மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். அழிக்கக் கூடாது என்று நீங்களே எழுதிய சம்பளப் பதிவும் அந்த "அனைத்தும்"-இல் அடக்கமா என்று கேட்டாலே குட்டு வெளிப்படும். நல்ல பதில் கொஞ்சம் தாமதமாக, கலவையாக வரும்: இவை நீக்கப்பட்டன, இது இன்ன சட்டத்துக்காக இன்ன வருஷம் வரை இருக்கும், வெண்டாருக்கு எழுதியிருக்கிறோம், பேக்கப் இத்தனை நாளில் சுழன்று போகும். 2027-க்குப் பிறகு இன்னொரு வரியும் சேரலாம். புதிய விதிகளில் சில பதிவுகளையும் லாக்குகளையும் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்கும் கட்டாயம் இருக்கிறது. அதைச் சாக்கு என்று நினைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம்.

பதிலே வராவிட்டால்? ஒரு மாதம் முடிந்ததும் குறைதீர் அலுவலருக்கு மட்டும் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கு மேல் இன்றைய சட்டத்தில் உங்கள் கையில் பெரிய ஆயுதம் கிடையாது. 43-ஏ பிரிவு நஷ்டஈடு தருவது, கம்பெனியின் கவனக்குறைவால் உங்களுக்கு இழப்பு ஏற்பட்டிருந்தால்தான். அழிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் இழப்பாகாது. இருந்தாலும் அனுப்பிய மெயிலைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். நாளை அந்த ஷேர்டு டிரைவிலிருந்து உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட் கசிந்தால், அழிக்கச் சொல்லியும் வைத்திருந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. 2027 மே மாதத்துக்குப் பிறகு அதே கடிதத்தைத் தேதியும் பிரிவும் மாற்றி மறுபடி அனுப்பலாம். அப்போது புகாரைத் தீர்க்கக் கம்பெனிக்கு அதிகபட்சம் தொண்ணூறு நாள், அதன்பின் தரவுப் பாதுகாப்பு வாரியம். வாரியம் விதிக்கும் அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும், உங்கள் கைக்கு ஒரு பைசா வராது.

உங்கள் விஷயத்தில் நான் ஜூன் கடைசி வாரத்தில் கடிதத்தை அனுப்பச் சொல்வேன். கைரேகையும் வெப்சைட் போட்டோவும் மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அவற்றுக்கு இன்றே இரண்டு வரி மெயில் போடுங்கள்.